16 லட்சத்துக்கு ஒத்துக்கொள்வதா, தீர்ப்பு வரை போவதா?

கேள்வி: சார், என் கணவர் கார்பெண்டர், வயது 38. 2022 ஜூனில் ராத்திரி பத்து மணிக்கு திண்டிவனம் பக்கம் பைபாஸில் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் பைக் மோதி இறந்துவிட்டார். லாரியில் லைட் எரியவில்லை என்று பின்னால் உட்கார்ந்து வந்த அவருடைய நண்பர் சொல்கிறார். அவருக்கும் கால் உடைந்து, தனியாகக் கேஸ் போட்டிருக்கிறார். ஆனால் எஃப்.ஐ.ஆர். என் கணவர் மேல்தான் போட்டிருக்கிறார்கள். கேஸ் போட்டு மூன்று வருஷம் ஆகிறது, இதுவரை என்னை மட்டும் விசாரித்திருக்கிறார்கள். இப்போது லோக் அதாலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி எல்லாம் சேர்த்து 16 லட்சம் தருவதாகச் சொல்கிறது. வக்கீல் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். தம்பி, 40 லட்சம் வரும், விடாதே என்கிறான். மாமியாரும் பெண்ணும் (16) பையனும் (11) என்னோடு இருக்கிறார்கள். இரண்டு லட்சம் மூணு வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். வக்கீல் ஃபீஸ் வருவதில் 20 சதவீதம் என்று பேச்சு. என்ன செய்யட்டும்?

பதில்:

16 லட்சத்துக்கு இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் பேச்சை முறித்துக்கொண்டு வந்துவிடவும் வேண்டாம். உங்கள் வக்கீல் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, தம்பி சொல்வதிலும் இருக்கிறது. இருவரும் ஆளுக்கொரு தொகையைச் சொல்கிறார்களே தவிர, அது எப்படி வந்தது என்று யாரும் உங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை போலிருக்கிறது. அந்தக் கணக்கு ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை, ஒரு பேனாவும் பழைய நோட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் நீங்களே போட்டுவிடலாம்.

விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு எவ்வளவு என்பதை நீதிபதி மனசில் தோன்றியபடி முடிவு செய்வதில்லை. உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் ஒரு வாய்ப்பாட்டை வகுத்துக் கொடுத்துவிட்டது. நாட்டில் உள்ள எல்லா விபத்துத் தீர்ப்பாயமும் அதன்படிதான் போகிறது. முதலில் மாத வருமானம். அதோடு, சொந்தத் தொழில் செய்தவர் 40 வயதுக்குக் கீழே என்றால், எதிர்காலத்தில் கூடியிருக்கும் என்று 40 சதவீதம் சேர்க்க வேண்டும். அவரை நம்பி நான்கு பேர் இருந்தீர்கள், அதனால் அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கு கழியும். மீதியை வருஷக் கணக்காக்கி, 36 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு உரிய 15-ஆல் பெருக்க வேண்டும்.

வருமானம்தான் இங்கே முதல் தகராறு. கார்பெண்டருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அவர் மாதம் முப்பதாயிரம் சம்பாதித்தார் என்று நீங்கள் சொன்னால், நீதிமன்றம் நம்பினாலும் எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது ஒரு உத்தேச வருமானம்தான் வைக்கும். சையத் சாதிக் என்ற 2014 வழக்கில், ஒரு காய்கறி வியாபாரிக்கு எந்தக் காகிதமும் இல்லாமலே 2008-ஆம் வருஷ விபத்துக்கு மாதம் 6,500 ரூபாயை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நம் தீர்ப்பாயங்கள் அதை வைத்துத்தான் வருஷா வருஷம் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வருகின்றன. 2022-இல் கைத்தொழில் தெரிந்த ஒருவருக்கு 15,000 என்பது கேட்கத் தயங்க வேண்டாத தொகை. 18,000 கேட்கலாம், கிடைத்தால் நல்லது. கம்பெனி 12,000-இல் ஆரம்பிக்கும்.

நாம் 15,000-ஐ எடுத்துக்கொள்வோம். 40 சதவீதம் கூட்டினால் 21,000. கால் பங்கு போனால் 15,750. வருஷத்துக்கு 1,89,000. பதினைந்தால் பெருக்கினால் 28,35,000. இதற்கு மேல், துணையை இழந்தது, தகப்பனை இழந்தது, பிள்ளையை இழந்தது என்று உங்கள் நான்கு பேருக்கும் தலைக்குச் சுமார் 48,000, ஈமச் செலவு, சொத்து இழப்பு என்று தலா 18,000 சேரும். மொத்தம் ஏறக்குறைய 30 லட்சத்து 65 ஆயிரம். இதுதான் உங்கள் கேஸின் முழு மதிப்பு, யார் மேல் தப்பு என்ற கேள்வியே இல்லாமல் இருந்தால்.

அந்தக் கேள்வி இருக்கிறதே, அங்கேதான் தம்பியின் 40 லட்சம் மாட்டிக்கொள்கிறது. முழுத் தொகையும் கிடைத்து, அதற்கு நாலு வருஷ வட்டியும் சேர்ந்தால் 40 லட்சம் வரும் என்பது உண்மைதான். அவர் கணக்குத் தப்பில்லை. லாரிக்காரர் மேல்தான் நூற்றுக்கு நூறு தப்பு என்று தீர்ப்பு வந்தால் மட்டுமே அது நடக்கும்.

இனி கம்பெனியின் 16 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். மாத வருமானம் 12,000 என்று வைத்தால் மொத்தம் 25 லட்சம் வருகிறது. பைக்காரர் மேல் பாதித் தப்பு என்று பிடித்தால் பன்னிரண்டரை. அதற்கு மனு போட்ட நாளிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஏழரை சதவீத வட்டி போட்டால் 15.3 லட்சம். கொஞ்சம் கூட்டி 16 என்று சொல்லியிருக்கிறார்கள். அதாவது, கோர்ட்டுக்குப் போனால் தங்களுக்குச் சுமாராக என்ன ஆகும் என்று நினைக்கிறார்களோ அதையே, வருமானத்தை மட்டும் குறைத்து வைத்துக்கொண்டு, உங்கள் முன் நீட்டுகிறார்கள். ஏமாற்று என்று இதைச் சொல்ல மாட்டேன், எந்தக் கம்பெனியும் முதல் பேச்சில் இப்படித்தான் வரும். ஆனால் "எல்லாம் சேர்த்து" என்ற அந்த இரண்டு வார்த்தையைக் கவனியுங்கள். மூன்று வருஷ வட்டி அதற்குள்ளேயே முங்கிவிட்டது.

சரி, தப்பு யார் மேல் என்று வரும்? எஃப்.ஐ.ஆர். உங்கள் கணவர் மேல் இருக்கிறது என்பதைப் பார்த்து நீங்கள் பயப்படுவது தெரிகிறது. நின்ற வண்டி மேல் பைக் மோதி ஓட்டியவர் இறந்துவிட்டால், அநேகமாக எல்லா ஸ்டேஷனிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். எதிரி இறந்துவிட்டார், வழக்கு அற்றுப்போனது என்று கோப்பை மூடிவிடலாம் அல்லவா. இழப்பீட்டு வழக்கில் எஃப்.ஐ.ஆர். ஒரு தகவல், அவ்வளவுதான். கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை. இரண்டு பக்கத்திலும் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. ஆபத்து வரும் விதமாகப் பொதுச் சாலையில் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவே சொல்கிறது. நடுச்சாலையில் விளக்கில்லாமல் நின்ற கேஸ் டேங்கர் மீது கார் மோதிய அர்ச்சித் சைனி வழக்கில், உயர் நீதிமன்றம் பாதிப் பாதி என்று பிரித்ததை 2018-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, முழுப் பொறுப்பையும் டேங்கர் மேலேயே வைத்தது. இந்தத் தீர்ப்பு உங்கள் வக்கீல் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் அந்த வழக்கில் டேங்கர் எங்கே நின்றது, எப்படி நின்றது என்பதற்குச் சாட்சி இருந்தது. உங்கள் கேஸில் அதற்கு என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். நகல் வாங்கி வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் வக்கீலிடம் கேளுங்கள்: போலீஸ் வரைந்த மாதிரி வரைபடமும், பார்வை மகஜரும். அதில் சாலை எத்தனை அடி அகலம், ஓரத்து வெள்ளைக் கோடு எங்கே, லாரியின் வலது பின்சக்கரம் அந்தக் கோட்டுக்கு உள்ளே எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று இருக்கும். லாரி முழுக்கக் கோட்டுக்கு வெளியே மண்ணில் நின்றது என்று வரைந்திருந்தால் உங்கள் கேஸ் பலவீனம். பாதி லாரி தார் ரோட்டில் என்றால் நிலைமை வேறு. அடுத்தது மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. லாரியின் பின்பக்க விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் பற்றி ஒரு வரி இருக்கிறதா, அல்லது பம்பர் நசுங்கியது என்று மட்டும் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். மூன்றாவது, ஆஸ்பத்திரியில் முதலில் எழுதிய விபத்துப் பதிவேடும் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழும். கேட்கச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்: மது வாடை என்று எங்காவது எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் நான் மேலே எழுதியதில் பாதியை அழித்துவிட்டு, இருக்கும் பேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்பேன். இல்லையென்றால் தொடர்ந்து படியுங்கள்.

இந்தக் காகிதங்களைவிட முக்கியமானவர் உங்கள் கணவரின் நண்பர். லாரியில் விளக்கு எரியவில்லை, பின்னால் கல்லோ மரக்கிளையோ எச்சரிக்கை முக்கோணமோ வைக்கவில்லை என்று நேரில் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவர் சாட்சிக் கூண்டில் ஏறி இதைச் சொல்லி, குறுக்கு விசாரணையிலும் நின்றுவிட்டால், எதிர்ப்பக்கம் லாரி டிரைவரைக் கொண்டுவந்து மறுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் டிரைவர் வர மாட்டார். லாரி ஓனர் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டியில் கிடப்பார். கம்பெனியின் அதிகாரி ஒருவர் வந்து எஃப்.ஐ.ஆரைப் படித்துக் காட்டுவார். அவர் சம்பவ இடத்தில் இருந்தவர் இல்லை, அதைக் கிராஸில் ஒரே கேள்வியில் ஒத்துக்கொள்ள வைத்துவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, உங்கள் கடிதத்தில் இருந்து நானாகப் பிடித்தது. அந்த நண்பரும் தனியாகக் கேஸ் போட்டிருக்கிறார். அவர் பின்னால் உட்கார்ந்து வந்தவர், வண்டி ஓட்டவில்லை. உங்கள் கணவர் மேல் கொஞ்சம் தப்பு இருந்தாலும்கூட, லாரி மேலும் தப்பு இருக்கிறது என்று வந்துவிட்டால் அவர் தன் முழுத் தொகையையும் லாரி இன்சூரன்ஸிடமே வாங்க முடியும். இது 2015-இல் கெனேய் வழக்கில் தெளிவான சட்டம். அதனால் அவருக்கு நியாயமான தொகை கொடுத்து முடித்துவிடுவதில் கம்பெனிக்கு அவசரம் இருக்கும். அவர் கேஸ் முன்னாலேயே முடிந்துவிட்டால், உங்கள் கேஸில் வந்து நாள் முழுக்கக் காத்திருந்து சாட்சி சொல்ல அவருக்கு என்ன அவசியம்? நல்ல மனுஷராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு வேலை இருக்கும், வெளியூர் போயிருப்பார், சம்மன் போகும்போது வீடு பூட்டியிருக்கும். இப்படிச் சாட்சி நழுவிப்போன கேஸ்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆகவே அவரிடம் இப்போதே பேசுங்கள், அவருடைய கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு கேஸும் ஒரே தீர்ப்பாயத்தில் இருந்தால் சேர்த்து விசாரிக்க மனு போடலாம், அப்போது அவர் ஒரு தடவை சொல்லும் சாட்சியம் இரண்டுக்கும் பயன்படும். இதை உங்கள் வக்கீலிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.

இவரை விசாரித்து முடித்த பிறகு அதே கம்பெனியோடு உட்கார்ந்தால், 16 என்ற இடத்தில் பேச்சு ஆரம்பிக்காது என்பது என் கணிப்பு. எதிர்ப்பக்க வக்கீலும் அன்றைக்குக் கூண்டில் நடந்ததைக் கம்பெனிக்கு எழுதி அனுப்புவார் அல்லவா.

சரி, முடிக்காமல் போனால் என்ன கிடைக்கும்? இன்னும் ஒரு வருஷத்தில் தீர்ப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம், அப்போது வட்டி நாலு வருஷத்துக்கு 30 சதவீதம். பாதிப் பாதி என்று வந்தால் சுமார் 20 லட்சம். லாரி மேல் அறுபது, பைக் மேல் நாற்பது என்றால் 24. முக்கால் பங்கு லாரி மேல் என்றால் 30. எல்லாம் சரியாக அமைந்து முழுப் பொறுப்பும் லாரி என்றால் தம்பி சொன்ன 40. இந்தப் பக்கம், முக்கால் பங்கு உங்கள் கணவர் மேல் என்றால் 10 லட்சம், மனுவையே தள்ளிவிட்டால் ஒன்றுமில்லை. நண்பர் வந்து உறுதியாகச் சொன்னால், பாதிக்கும் அறுபதுக்கும் நடுவில் வந்து நிற்கும் என்றுதான் நான் பந்தயம் கட்டுவேன். அவர் வராவிட்டால் பத்து லட்சத்தின் பக்கம் சரிய நிறைய வாய்ப்பு இருக்கிறது, முழுக்கத் தள்ளுபடி ஆகும் ஆபத்தும் நிஜம். (தப்பு யார் மேல் என்று நிரூபிக்காமலே 5 லட்சம் தரும் 164-ஆம் பிரிவு 2022 ஏப்ரலில் இருந்து அமலில் இருக்கிறது. உங்கள் மனு எந்தப் பிரிவில் போடப்பட்டது, கடைசியில் அந்த வழி திறந்திருக்கிறதா என்று வாதத்துக்கு முன்பே வக்கீலிடம் கேட்டுவையுங்கள்.)

தீர்ப்பு வந்த அன்றைக்கே பணம் வரும் என்று நினைக்காதீர்கள். கம்பெனிக்கு 90 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட உரிமை உண்டு, இவ்வளவு பெரிய தொகை, அதிலும் தப்பு யார் மேல் என்பதில் தகராறு உள்ள கேஸ் என்றால் போடத்தான் செய்வார்கள். ஸ்டே கேட்கும்போது பெரும்பாலும் முழுத் தொகையையும் டெபாசிட் செய்யச் சொல்லுவார்கள், அதில் ஒரு பகுதியை நீங்கள் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். மீதி அப்பீல் முடியும் வரை, அதாவது வருஷக் கணக்கில், கிடக்கும். அப்பீலில் தொகை குறையவும் கூடும், நீங்கள் எதிர் அப்பீல் போட்டால் கூடவும் கூடும். லோக் அதாலத்தில் முடித்தால் இந்தத் தலைவலி கிடையாது. அந்த உத்தரவின் மேல் யாரும் அப்பீல் போக முடியாது, கம்பெனியும் முடியாது, நீங்களும் முடியாது.

தாமதத்துக்கு ஏழரை சதவீத வட்டி கிடைக்கிறதே, அப்புறம் என்ன அவசரம் என்று சிலர் சொல்வார்கள். கையில் கடன் இல்லாதவர்களுக்கு அது சரி. நீங்கள் மூணு வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள், அது வருஷத்துக்கு 36 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு மாதம் 6,000, வருஷத்துக்கு 72,000 போகிறது. இந்த ஒரு கடனுக்காக 16 லட்சத்தில் முடிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரு வருஷம் காத்திருப்பதற்கு அது 72,000 ரூபாய் செலவு, அவ்வளவுதான். நீங்கள் விட்டுக்கொடுக்கப்போவதோ அதைவிடப் பல மடங்கு. வீட்டில் நகை இருந்தால் அதை வங்கியில் வைத்து இந்தக் கடனை அடைத்துவிடுங்கள். வட்டி பாதிக்கும் கீழே வந்துவிடும், பேரம் பேசும்போது கழுத்தில் கத்தி இருக்காது.

இன்னொன்று, 16 லட்சம் என்றதும் அது அப்படியே உங்கள் கையில் வரும் என்று மனசில் கணக்குப் போட்டிருக்கிறீர்களா? பிள்ளைகள் இருவரும் மைனர். அவர்கள் பங்கு அவர்கள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட் ஆகும், பதினெட்டு வயது வரை தொட முடியாது, வட்டியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். மாமியாருக்குத் தனிப் பங்கு. பிள்ளைகளுக்கு நாலு நாலு லட்சம், மாமியாருக்கு இரண்டு என்று பிரித்தால் உங்கள் கையில் ஆறு லட்சம். மைனருக்காகச் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதியும் தேவை, அதனால் பங்குப் பிரிவினையை நீதிபதி பார்ப்பார். ஆனால் நீங்கள் கேட்டால் கேட்டபடி செய்ய இடம் உண்டு. பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் பதினெட்டு ஆகிவிடும், கல்லூரிக் கட்டணத்துக்கு அவள் பங்கில் ஒரு பகுதியை முன்கூட்டியே விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் மாமியாரோடு உட்கார்ந்து இந்தப் பங்கை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். லோக் அதாலத் மேஜையில் வைத்து அதைப் பேசுகிற குடும்பங்கள் வெளியே வரும்போது பேசிக்கொள்ளாமல் வருகின்றன.

அப்புறம் அந்த 20 சதவீதம். வருகிற தொகையில் பங்கு என்று வக்கீல் ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. நடைமுறையில் விபத்துக் கேஸ்களில் இது ஊரெங்கும் நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும், முன்பணம் கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு வேறு வழி தெரிவதில்லை. ஆனால் உங்களுக்கு இதன் விளைவு தெரிந்திருக்க வேண்டும். 16 லட்சத்தில் இருபது சதவீதம் 3 லட்சத்து 20 ஆயிரம், அது பிள்ளைகளின் டெபாசிட்டில் இருந்து எடுக்க முடியாது என்பதால் உங்கள் ஆறு லட்சத்தில் இருந்துதான் போகும். கையில் மிஞ்சுவது மூன்றுக்குக் கீழே. இன்றைக்கே முடிந்தால் அவருக்கு வருவதற்கும், இன்னும் ஒரு வருஷம் சாட்சி, வாதம், வாய்தா என்று உழைத்தால் கூடுதலாக வருவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உங்களுக்கு வித்தியாசம் பெரிது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவருடைய யோசனை தப்பாகவும் இருக்க வேண்டியதில்லை. சதவீதத்தை விட்டுவிட்டு, இதுவரை செய்ததற்கு இவ்வளவு, விசாரணை முடிக்க இவ்வளவு என்று ஒரு நிர்ணயத் தொகையை மரியாதையாகப் பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர் சொல்லும் யோசனையை நீங்களும் நிம்மதியாகக் கேட்கலாம்.

ஆக என் முடிவு இது. மகஜரும் ஆஸ்பத்திரிக் காகிதமும் சரியாக இருந்து, நண்பர் சாட்சிக்கு வருவதாக உறுதி சொன்னால், 24 லட்சத்தில் பேச ஆரம்பியுங்கள். 20, 21-க்கு வந்தால் தாராளமாக முடித்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் ஒருவேளை 24 கிடைக்கலாம், ஆனால் அப்பீல் பயமில்லாமல் இப்போதே கையில் வரும் 21 அதைவிட மேல். 18-க்குக் கீழே என்றால் எழுந்து வந்துவிடுங்கள், வருமானத்தை 15,000 என்று வைத்துப் பாதித் தப்பை நீங்களே ஒத்துக்கொண்டால்கூட மூன்று வருஷ வட்டியோடு 18.8 லட்சம் வருகிறது, 18-க்கும் கீழே போய் வாங்குவதில் அர்த்தமில்லை. 18-க்கும் 20-க்கும் நடுவே நின்றால் உங்கள் பெண்ணின் படிப்பும் கடனும்தான் முடிவு செய்ய வேண்டும், அதில் நான் தலையிட மாட்டேன். நண்பர் வர மாட்டார், அல்லது அவர் சொல்வது ஒவ்வொரு தடவையும் மாறுகிறது என்று தெரிந்தால் மட்டும் 16-ஐ 17 ஆக்கி வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பேசும்போது தப்பு யார் மேல் என்று அங்கே வாக்குவாதம் செய்யாதீர்கள், அது முடிவுக்கே வராது. வருமானத்தைப் பேசுங்கள். அவர் வேலை செய்து கொடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், மரம் வாங்கிய கடை பில், ஜி-பேயில் கூலி வந்த வங்கிக் கணக்குப் பக்கங்கள், நலவாரிய அட்டை இருந்தால் அது. 12,000-ஐ 15,000 ஆக்குவதற்கு இவை போதும், அதுவே தொகையை மூன்று லட்சத்துக்கு மேல் தூக்கிவிடும். பேச்சு ஒத்துவராவிட்டால் கேஸ் பழையபடி தீர்ப்பாயத்துக்குத் திரும்பும். அங்கே நீங்கள் 20-க்கு இறங்கி வந்தீர்கள் என்பதை யாரும் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. தேசிய லோக் அதாலத் வருஷத்தில் சில தடவை வருகிறது, இதை விட்டால் அடுத்தது உண்டு. "இன்றைக்கு விட்டால் போச்சு" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஒத்துக்கொண்டு முடிக்கிற நாளில், கூட்டு மெமோவைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தொகை எத்தனை நாளுக்குள் கட்டப்படும் என்று எழுதியிருக்க வேண்டும், அந்தத் தேதி தவறினால் எத்தனை சதவீத வட்டி என்றும் இருக்க வேண்டும். ஒவ்வொருவர் பங்கும் தனித்தனியாக, உங்கள் வங்கிக் கணக்கு எண்ணோடு இருக்க வேண்டும். அந்தப் பாஸ்புக்கும் செக்புக்கும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.